இரண்டு விடைகளும் சட்டத்தில் இருக்கும்போது: ஒரு தேர்வு வினாவுக்கு ஆட்சேபணை எழுதுவது பற்றி

கேள்வி: நான் எழுதிய சட்டப் போட்டித் தேர்வின் உத்தேச விடைக்குறிப்பு வெளியாகியிருக்கிறது. அதில் ஒரு வினா: "கதிரவன் தன் வீட்டைக் குறிப்பிட்ட விலைக்கு விற்பதாக மாலதிக்குக் கடிதம் எழுதுகிறார். மாலதி அதை ஏற்று அஞ்சலில் கடிதம் அனுப்புகிறார். ஏற்பைத் தெரிவித்தல் எப்போது முழுமையடைகிறது? (அ) மாலதி கடிதத்தில் கையெழுத்திட்டபோது (ஆ) மாலதி கடிதத்தை அஞ்சலில் சேர்த்தபோது (இ) கடிதம் கதிரவனுக்குக் கிடைத்தபோது (ஈ) கதிரவன் அதற்குப் பதில் எழுதியபோது." நான் (இ) என்று குறித்தேன், விடைக்குறிப்பு (ஆ) என்கிறது. சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. ஆட்சேபணை தெரிவிக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. என் விடைதான் சரி என்று எப்படி எழுதி நிறுவுவது?

பதில்:

உங்கள் விடைதான் சரி என்று நிறுவ முயலாதீர்கள், ஏனெனில் விடைக்குறிப்பில் உள்ள (ஆ)வும் சரியான விடைதான். அதைத் தவறு என்று முதல் வரியிலேயே எழுதினால், ஒப்பந்தச் சட்டம் தெரிந்த எந்த வல்லுநரும் அந்த வரியோடு உங்கள் மனுவை மூடி வைத்துவிடுவார். உங்கள் மனு நிற்க வேண்டிய இடம் வேறு. வினா ஒரு சொற்றொடரை விட்டுவிட்டது. அது இல்லாதபோது சட்டமே இரண்டு விடைகளைத் தருகிறது. அந்த இரண்டும் தெரிவுகளில் இருக்கின்றன. இந்த மூன்றையும் காட்டினால் போதும்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 4-ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பைத் தெரிவித்தல் முழுமையடையும் நேரம் ஒன்று என்று அந்தப் பிரிவு சொல்லவே இல்லை. முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை, ஏற்பு அவருக்கு அனுப்பப்பட்டு, ஏற்றவரின் கையை மீறிப் போன நேரத்தில் அது முழுமையடைகிறது. ஏற்றவரைப் பொறுத்தவரை, அது முன்மொழிந்தவரின் அறிவுக்கு எட்டும்போதுதான் முழுமையடைகிறது. அந்தப் பிரிவின் கீழே உள்ள எடுத்துக்காட்டு (ஆ), அதாவது ஆங்கில மூலத்தில் இரண்டாவது எடுத்துக்காட்டு, உங்கள் வினாவின் கதையையே சொல்கிறது. வீட்டை விற்க வந்த முன்மொழிவை ஒருவர் அஞ்சல் கடிதத்தால் ஏற்கிறார். முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை கடிதம் அஞ்சலில் சேர்க்கப்பட்டபோது, ஏற்றவரைப் பொறுத்தவரை கடிதம் முன்மொழிந்தவருக்குக் கிடைத்தபோது தெரிவித்தல் முழுமையடைகிறது என்று அது முடிகிறது. வினாவை அமைத்தவர் இந்த எடுத்துக்காட்டிலிருந்து கதையை எடுத்துக்கொண்டு, "யாரைப் பொறுத்தவரை" என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டார் என்பது வெளிப்படை. எடுத்துக்காட்டின் முதல் பாதி (ஆ) தெரிவாகவும் இரண்டாம் பாதி (இ) தெரிவாகவும் வினாத்தாளில் உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் உண்டு. பிரிவின் வாசகம் "அறிவுக்கு எட்டும்போது" என்கிறது, எடுத்துக்காட்டோ "கிடைத்தபோது" என்கிறது. உங்கள் (இ) தெரிவும் "கிடைத்தபோது" என்றே இருப்பதால் எடுத்துக்காட்டோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. "கதிரவன் கடிதத்தைப் படித்தபோது" என்று தெரிவு அமைந்திருந்தால், கிடைப்பதும் படிப்பதும் ஒன்றா என்ற தேவையற்ற விவாதத்துக்குள் போக வேண்டியிருந்திருக்கும். ஆகவே மனுவில் எடுத்துக்காட்டை முன்னால் வையுங்கள், பிரிவின் வாசகத்தை அதற்குத் துணையாக வையுங்கள்.

விடைக்குறிப்பைத் தயாரித்தவர் ஏன் (ஆ)வோடு நின்றுவிட்டார் என்பதையும் புரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் ஆட்சேபணையைப் பரிசீலிப்பவருக்கும் அதே பழக்கம் இருக்கக்கூடும். 1818-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கிலிருந்து வளர்ந்த ஆங்கிலேய விதிப்படி, ஏற்புக் கடிதம் அஞ்சலில் சேர்ந்த நேரத்திலேயே ஒப்பந்தம் உருவாகி இருவரையும் கட்டுகிறது. "அஞ்சல் விதி" என்று வகுப்பில் ஒரே வரியில் படித்த மாணவர் மனத்தில் தங்குவது இதுதான். இந்தியச் சட்டம் அந்த விதியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது: அஞ்சலில் சேர்ந்தவுடன் முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார், ஏற்றவருக்கோ கடிதம் போய்ச் சேரும்வரை பின்வாங்க இடம் இருக்கிறது. இந்த வரலாற்றை மனுவில் எழுத வேண்டாம். படிப்பவருக்குப் பாடம் நடத்துவது போலத் தோன்றும்.

மனுவில் கட்டாயம் இருக்க வேண்டியது 5-ஆம் பிரிவு. பரிசீலிக்கும் வல்லுநர், "அஞ்சலில் சேர்ப்பதுதான் உண்மையான முழுமை, மற்றது பெயரளவுக்கு" என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. அந்த வழியை 5-ஆம் பிரிவு அடைக்கிறது. மாலதி 3-ஆம் தேதி காலையில் கடிதத்தை அஞ்சலில் சேர்க்கிறார், அது 6-ஆம் தேதி மாலையில் கதிரவனுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3-ஆம் தேதி காலைக்குப் பிறகு கதிரவன் தன் முன்மொழிவைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் 4-ஆம் தேதியோ 5-ஆம் தேதியோ மாலதி வேறொரு விரைவான வழியில் தன் ஏற்பைத் திரும்பப் பெறலாம், அவருடைய கடிதம் 6-ஆம் தேதி மாலையில் கிடைக்கும்வரை அந்த உரிமை அவருக்கு உண்டு. அஞ்சலில் சேர்த்த கணமே எல்லா வகையிலும் முழுமை என்றால் மாலதிக்கு அந்த மூன்று நாள் உரிமை எங்கிருந்து வந்தது? ஆகவே இரண்டு நேரங்களும் தனித்தனியான சட்ட விளைவு உடையவை, ஒன்று மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டது அல்ல.

எழுத உட்காரும் முன் வினாத்தாளை இன்னொரு முறை, நினைவிலிருந்து அல்லாமல் அச்சிலிருந்து படியுங்கள். "கதிரவன் எப்போது கட்டுப்படுகிறார்", "முன்மொழிந்தவருக்கு எதிராக" என்பன போன்ற ஏதாவது ஒரு சொல் வினாவிலோ, அதற்கு மேலே உள்ள பொது விவரத்திலோ இருந்தால் உங்கள் ஆட்சேபணை அங்கேயே முடிந்தது. கட்டணம் வாங்கும் தேர்வாக இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். வினாத்தாள் இரு மொழிகளில் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் இருந்த சொற்றொடர் தமிழாக்கத்தில் விடுபட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் உங்கள் மனு வேறு மனுவாகிவிடும், ஆங்கில வடிவமே இறுதியானது என்ற குறிப்பு வினாத்தாளில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, "சரியான விடை" என்று கேட்டிருக்கிறார்களா, "மிகப் பொருத்தமான விடை" என்று கேட்டிருக்கிறார்களா என்று அறிவுரைப் பக்கத்தில் பாருங்கள். பின்னது என்றால், (ஆ)வை (இ)யைவிடப் பொருத்தமாக்கும் எந்தக் குறிப்பும் வினாவில் இல்லை என்று ஒரு வாக்கியம் கூடுதலாக எழுத வேண்டும். ஒப்பந்தம் எப்போது உருவாகிறது என்று வினா கேட்கவில்லை, தெரிவித்தல் எப்போது முழுமையடைகிறது என்றுதான் கேட்கிறது என்பதையும் அங்கே சேர்க்கலாம்.

இப்போது நீதிமன்றங்கள் வைத்திருக்கும் அளவுகோலுக்கு வருகிறேன், ஏனெனில் தேர்வு அமைப்புகளின் பதில்கள் பெரும்பாலும் அந்த மொழியிலேயே இருக்கும். 1982-இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வைப் பற்றிய கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா வழக்கில், 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: விடைக்குறிப்பு சரி என்றே கொள்ள வேண்டும், நீண்ட அனுமானங்களால் அதைத் தவறென்று ஆக்கக் கூடாது, அந்தத் துறை அறிந்த நியாயமான எவரும் சரியென்று கருத முடியாத அளவுக்கு அது தவறென்று தெளிவாகக் காட்டப்பட வேண்டும். இதை மட்டும் படித்தால் உங்கள் வழக்கு தோற்றதுபோலத் தோன்றும், (ஆ) அப்படிப்பட்ட தவறு அல்லவே. ஆனால் அதே தீர்ப்பு வினாவின் தெளிவின்மையைத் தனியாகவும் பேசுகிறது. விடைக்குறிப்பில் குறையோ வினாவில் தெளிவின்மையோ சுட்டிக்காட்டப்பட்டால், அந்த வினாவை விலக்கி அதற்கு மதிப்பெண் இல்லை என்று அறிவிக்கும் முடிவை உரிய காலத்தில் எடுக்க வேண்டும் என்று அது பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது. தீர்ப்பின் முதல் பகுதியை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள், இரண்டாம் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். நீங்கள் உங்கள் ஆட்சேபணையை இரண்டாம் பகுதிக்குள் நிறுத்த வேண்டும்.

அதனால்தான் மனுவில் "சந்தேகம்" என்ற சொல்லே வரக் கூடாது என்கிறேன். ரண் விஜய் சிங் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில், 2017 டிசம்பரில், சந்தேகம் எழுந்தால் அதன் பலன் தேர்வரைவிடத் தேர்வு அமைப்புக்கே போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. "எது சரி என்பது சந்தேகத்துக்குரியது" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்புக்கு வேண்டிய வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். உங்கள் வினாவில் உண்மையில் சந்தேகம் எதுவும் இல்லை. இரண்டு விடைகளும் சட்டத்தின் வாசகத்திலேயே அச்சாகியிருக்கின்றன, எந்த அனுமானமும் தேவைப்படவில்லை.

அடுத்தது, என்ன கேட்பது என்பது. இதில் பலர் யோசிக்காமல் "மதிப்பெண் வழங்குக" என்று முடித்துவிடுகிறார்கள். இப்போது (ஆ) குறித்தவர் 1 மதிப்பெண்ணோடும் நீங்கள் 0.25 கழிவோடும் நிற்கிறீர்கள், இடைவெளி 1.25. இரு விடைகளையும் ஏற்றாலும் சரி, வினாவை நீக்கினாலும் சரி, எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்தாலும் சரி, அந்த இடைவெளி மறைந்துவிடும். வேறுபாடு மற்றவர்களோடு ஒப்பிடும்போது தெரியும். இரு விடைகளையும் ஏற்றால், வினாவை விட்டுவிட்டவரைவிட நீங்கள் 1 மதிப்பெண்ணும், (அ) அல்லது (ஈ) குறித்தவரைவிட 1.25 மதிப்பெண்ணும் முன்னால் இருப்பீர்கள். வினாவை நீக்கினால் எல்லோரும் சமம்.

குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் இருக்கும் தேர்வானால் இது இன்னும் கூர்மையாகிறது. மொத்தம் 100, தகுதிக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள்; இந்த 0.25 கழிவையும் சேர்த்து உங்களுக்கு 59.25 வந்திருக்கிறது. இரு விடைகளையும் ஏற்றால் 60.50, தேர்ச்சி. வினாவை நீக்கினால் 99-க்கு 59.50. விழுக்காடாகக் கணக்கிட்டால் அது 60.10, தேர்ச்சி, 60 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டால் தோல்வி. ஆகவே நீக்கத்தைக் கோரும் இடத்தில், தகுதி அளவையும் அதே விகிதத்தில் மாற்ற வேண்டும் என்பதைச் சேர்த்தே கேளுங்கள்.

முதல் கோரிக்கையாக இரு விடைகளையும் ஏற்பதை வைப்பதே முறை. (அ)வும் (ஈ)யும் எந்த வாசிப்பிலும் தவறு என்பதால், நீக்கம் தவறாக எழுதியவருக்கும் நிவாரணம் தருகிறது, சரியாக எழுதிய இரு சாராரின் மதிப்பெண்ணையும் பறிக்கிறது. (ஆ) குறித்தவர்கள் நாளை எதிர்ப்புத் தெரிவிக்கவும் காரணம் ஏற்படுகிறது. இதற்கு அண்மைக்கால முன்மாதிரியும் உண்டு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் 2025-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வு வழக்கில், 2025 மே மாதம், சுற்றுச்சூழலைப் பாதுகாக்கும் கடமை பற்றிய ஒரு வினாவுக்கு, இரண்டு தெரிவுகளில் எதைக் குறித்தவர்களுக்கும் மதிப்பெண் வழங்குமாறும், மற்ற இரண்டைக் குறித்தவர்களுக்குக் கழிவைத் தருமாறும் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதே தேர்வின் வேறு சில வினாக்களை நீக்கவும் சொன்னது. இரண்டு வகை நிவாரணமும் நடைமுறையில் உள்ளவை என்பதற்கு அது ஒன்றே போதும்.

மனு இப்படி அமையலாம். வினா எண்ணையும் வினாத்தாள் வரிசைக் குறியீட்டையும் மேலே எழுதிவிட்டுத் தொடங்குங்கள்:

"இவ்வினாவுக்கு உத்தேச விடையாக (ஆ) தரப்பட்டுள்ளது. அவ்விடை, முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி சரியானது. எனினும், அதே பிரிவும் அதன் இரண்டாவது எடுத்துக்காட்டும், ஏற்றவரைப் பொறுத்தவரை, கடிதம் முன்மொழிந்தவருக்குக் கிடைத்தபோதே தெரிவித்தல் முழுமையடைகிறது என்று வெளிப்படையாகக் கூறுகின்றன. அது தெரிவு (இ). யாரைப் பொறுத்தவரை என்பதை வினா குறிப்பிடவில்லை. அதை உணர்த்தும் வேறு விவரமும் வினாவில் இல்லை. 5-ஆம் பிரிவு இவ்விரு நேரங்களுக்கும் தனித்தனி விளைவுகளை அளிப்பதால், ஒன்றை முதன்மை என்றும் மற்றதைத் துணை என்றும் கொள்ள இயலாது. ஆகவே (ஆ), (இ) ஆகிய இரண்டையும் சரியான விடைகளாக ஏற்குமாறு வேண்டுகிறேன். அவ்வாறு இயலாதெனில், இவ்வினாவை மதிப்பீட்டிலிருந்து விலக்கி, மொத்த மதிப்பெண்ணையும் தகுதி மதிப்பெண்ணையும் அதற்கேற்ப மாற்றியமைக்குமாறு வேண்டுகிறேன்."

இதற்கு மேல் நீட்ட வேண்டாம். இணையப் படிவத்தில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால், 5-ஆம் பிரிவைப் பற்றிய வாக்கியத்தை இணைப்புக்கு நகர்த்துங்கள். (ஆ)வை ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள், மனுவின் நம்பகத்தன்மை அதில்தான் தொடங்குகிறது. எத்தனை மதிப்பெண் குறைவால் வாய்ப்பு போகிறது, எத்தனை ஆண்டு உழைத்தீர்கள் என்பவை வல்லுநர் குழுவின் முன் பொருளற்றவை.

இணைப்பாக, 4, 5-ஆம் பிரிவுகளை எடுத்துக்காட்டுகளோடு, அரசு வெளியிட்ட சட்ட வாசகத்திலிருந்து, உரிய வரிகளில் கோடிட்டுத் தாருங்கள். பயிற்சி மையத்தின் கையேடு, முந்தைய ஆண்டு வினா வங்கி ஆகியவற்றை இணைக்காதீர்கள். சட்டத்தின் வாசகமே கையில் இருக்கும்போது கையேட்டைக் காட்டுவது, மூலத்தைப் படிக்காதவர் என்ற எண்ணத்தை உண்டாக்கும்; தவிர, எதிர் விடையைத் தரும் கையேடு ஒன்றைத் தேடி எடுப்பதும் கடினமல்ல.

பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கைச் சேர்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். என் கருத்தில் வேண்டாம். தொலைபேசியில் பேசி முடித்த ஒப்பந்தத்தில், ஏற்பு எந்த ஊரில் முன்மொழிந்தவரின் காதில் விழுந்ததோ அங்கேயே ஒப்பந்தம் உருவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதில் முடிவு செய்தார்கள். நீதிபதி ஹிதாயதுல்லா 4-ஆம் பிரிவின் வாசகத்தை வைத்து மாறுபட்டார். படிக்கச் சுவையான தீர்ப்பு. ஆனால் அங்கே கேள்வி ஒப்பந்தம் எங்கே உருவானது என்பது, அஞ்சல் கடிதம் அதில் விதிவிலக்காகவே பேசப்படுகிறது. அதை இழுத்தால் வல்லுநர் "அஞ்சலுக்கு அஞ்சலில் சேர்க்கும் நேரமே" என்று அதிலிருந்தே பதில் எழுதிவிடுவார்.

இந்த ஆட்சேபணைக் கட்டத்தை இலேசாக எண்ணாதீர்கள். மேலே சொன்ன கட்டுப்பாடுகள் நீதிமன்றம் தனக்கு வைத்துக்கொண்டவை. வல்லுநர் குழு தன் விடைக்குறிப்பைத் தானே திருத்திக்கொள்ள அவை தடையல்ல. இறுதி விடைக்குறிப்பிலும் (ஆ) மட்டுமே நின்றால், அரசமைப்பின் 226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அங்கே முதலில் பார்ப்பது, குறித்த நாளுக்குள் நீங்கள் ஆட்சேபணை தெரிவித்தீர்களா, அதில் இதே காரணத்தைச் சொன்னீர்களா என்பதைத்தான். தேர்வு அமைப்பு காரணம் கூறாமல் நிராகரித்திருந்தால் அது உங்களுக்குச் சாதகமான வாதம். "முன்மொழிந்தவரைப் பொறுத்தவரை (ஆ) சரி" என்று காரணம் எழுதியிருந்தால் இன்னும் சாதகம், ஏனெனில் வினாவில் இல்லாத சொற்றொடரை அவர்களே சேர்த்துப் படித்திருக்கிறார்கள் என்பது அவர்கள் எழுத்திலேயே வந்துவிடும்.

அடுத்த கட்டத் தேர்வு நடந்து பட்டியல் வெளியான பிறகு போனால், நியமனம் பெற்றவர்களின் நிலையைக் கலைக்க நீதிமன்றம் தயங்கும். ஆகவே போவதானால் இறுதி விடைக்குறிப்பு வந்த சில நாள்களுக்குள் போக வேண்டும். அதற்காக இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஆட்சேபணையைச் சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகை எண், கட்டண ரசீது, சமர்ப்பித்த வாசகம், உத்தேச விடைக்குறிப்பின் அந்தப் பக்கம் ஆகிய நான்கையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இறுதி விடைக்குறிப்பு வந்ததும் உத்தேச விடைக்குறிப்பு இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிடலாம், அப்போது பழைய பக்கத்தைத் தேடி அலைய நேரிடும்.